பொருள் டேக் வேலை செய்யவில்லையா? அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

இன்ஸ்டாகிராமில் படத்தின் மேல் பொருளை டேக் செய்து விற்கும் கடைகளில் ஒரே மாதிரியான கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைச் சரிசெய்து கொடுக்கும்போது நான் பார்க்கும் வரிசையையே இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் இருக்கும், பணமோ நாளோ பிடிப்பது கடைசியில் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை மனதில் வையுங்கள். டேக்கில் தெரியும் பெயர், விலை, படம் எதுவும் பதிவிலிருந்து வருவதில்லை. எல்லாம் கேட்டலாக் என்ற பொருள் பட்டியலிலிருந்து வருகின்றன. பதிவில் நீங்களாக எழுதுவது கேப்ஷன் ஒன்றுதான். அதனால் டேக்கில் தப்பு தெரிந்தால் கேட்டலாக்கைத் திறங்கள். வாங்குபவர் குழம்பினால் கேப்ஷனைப் பாருங்கள்.

## அறிகுறி 1: பதிவு போடும்போது `Tag products` என்ற வரியே இல்லை

முதலில் எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரே போனில் சொந்தக் கணக்கும் கடைக் கணக்கும் இருப்பவர்கள் அடிக்கடி தடுமாறுவது இங்கேதான். கடையைத் தனிநபர் கணக்கில் நடத்த முடியாது. பிசினஸ் அல்லது கிரியேட்டர் கணக்காக மாற்றியிருக்க வேண்டும்.

அடுத்து ஆப்பைப் புதுப்பித்துவிட்டு, ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். கடைக்கு இப்போதுதான் அனுமதி வந்திருந்தால் இதிலேயே சரியாகிவிடும்.

அதன் பிறகு கணினியில் `Commerce Manager` திறந்து கடையின் நிலையைப் பாருங்கள். பரிசீலனையில் இருக்கிறது என்றால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பொறுமையிழந்து கடையை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள், பரிசீலனை முதலிலிருந்து ஆரம்பமாகும். நிராகரிக்கப்பட்டிருந்தால் காரணம் அங்கேயே எழுதியிருக்கும். ஆப்பின் அமைப்புகளில் `Account Status` பகுதியையும் பாருங்கள். கணக்கின் மேல் ஏதாவது கட்டுப்பாடு இருந்தால் அங்கே தெரியும். இந்த வசதி எல்லா நாடுகளிலும் கிடையாது என்பதால், கடை பதிவாகியிருக்கும் நாட்டுக்கு உண்டா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக டொமைன் சரிபார்ப்பு. பொருள் பக்கங்கள் இருக்கும் இணையதளம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்கச் சொல்லிக் கேட்பார்கள். இதற்கு மூன்று வழிகள் உண்டு: முகப்புப் பக்கத்தில் ஒரு மெட்டா டேக் சேர்ப்பது, ஒரு கோப்பைத் தளத்தில் ஏற்றுவது, DNS-இல் ஒரு TXT பதிவு சேர்ப்பது. முதல் இரண்டில் ஒன்றை, தளத்தின் நிர்வாகப் பக்கம் உங்கள் கையில் இருந்தால் நீங்களே முடித்துவிடலாம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: DNS வழிதான் மிச்சம், அதில் இதுவரை கை வைத்ததில்லை என்றால் தளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் விட்டுவிடுங்கள். அங்கே தவறுதலாக ஒரு வரியை அழித்தால் மின்னஞ்சலே நின்றுபோகலாம். மாற்றம் பரவ 72 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால் அன்றைக்கே சரியாகவில்லை என்று பதற வேண்டாம்.

## அறிகுறி 2: வசதி இருக்கிறது, தேடினால் அந்தப் பொருள் மட்டும் வரவில்லை

எளிய காரணம்: நீங்கள் தேடும் சொல் பொருளின் தலைப்பில் இல்லை. கேட்டலாக்கில் `MUG BL 350 NEW` என்று ஏற்றிவிட்டு, டேக் செய்யும்போது “நீலக் கோப்பை” என்று தேடினால் எப்படி வரும்? தேடலுக்காக மட்டும் சொல்லவில்லை. இந்தத் தலைப்புதான் டேக்கில் வாங்குபவரின் கண்ணுக்கும் படுகிறது. கிடங்குக் குறியீட்டைத் தூக்கிவிட்டு, வாங்குபவர் வாயில் வரும் பெயரை வையுங்கள். டேக்கில் நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படும் என்பதால், அடையாளம் காட்டும் சொல் முன்னால் வரட்டும்.

அடுத்த காரணம்: இன்ஸ்டாகிராமோடு இணைந்திருப்பது வேறொரு கேட்டலாக். ஆரம்பத்தில் சோதனைக்கென்று ஒன்று, அப்புறம் தளத்திலிருந்து தானாக உருவானது ஒன்று என்று இரண்டு மூன்று கேட்டலாக் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். `Commerce Manager`-இல் கடையின் அமைப்பைத் திறந்து, எந்தக் கேட்டலாக் இணைந்திருக்கிறது என்று பெயரைப் பாருங்கள். அதற்குள் போய்ப் பொருளைத் தேடுங்கள். அங்கேயும் இல்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

அதற்கும் அடுத்தது: பொருள் இருக்கிறது, ஆனால் பரிசீலனையில் நிற்கிறது அல்லது நிராகரிக்கப்பட்டிருக்கிறது. புதுப் பொருளை ஏற்றியவுடன் அது டேக்குக்குத் தயாராகிவிடாது. விற்பனை நாளன்று காலையில் ஏற்றி மதியம் பதிவு போடலாம் என்று திட்டமிடுபவர்களுக்கு இதில்தான் சிக்கல். சில நாள் முன்பே ஏற்றி, நிலையைப் பார்த்துவிட்டுப் படத்தைப் போடுங்கள். நிராகரிப்பு தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் அந்தப் பொருளைத் திறந்து மறுபரிசீலனை கேளுங்கள். தலைப்பிலோ படத்திலோ உண்மையாகவே விதிமீறல் இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஒன்றிரண்டு அல்ல, கேட்டலாக்கில் பெரும்பாலான பொருள்கள் ஒரே காரணத்தால் நின்றிருந்தால் கோளாறு ஃபீடில், அதாவது தளத்திலிருந்து பொருள் விவரங்களைக் கேட்டலாக்குக்குக் கொண்டுவரும் கோப்பில், இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினால் அடுத்த ஃபீட் வந்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடும். ஃபீடை அமைத்தவரையே கூப்பிடுங்கள்.

## அறிகுறி 3: பழைய படங்களில் இருந்த டேக் எல்லாம் காணாமல் போய்விட்டன

இதை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். பெயர், படம், விலை எல்லாம் கேட்டலாக்கில் சரியாகத்தான் இருக்கும். புதுப் பதிவில் டேக் போட்டால் வேலை செய்யும். பழைய பதிவுகள் மட்டும் வெறும் படங்களாக நிற்கும். தேடலிலும் பகிர்விலும் இன்னும் ஆள் வந்துகொண்டிருக்கும் பதிவுகள் அவைதான்.

எளிய காரணம்: பொருளை யாரோ காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள் அல்லது நீக்கிவிட்டார்கள். சரக்கு தீர்ந்தால் பொருளையே நீக்கும் பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. அதை இன்றோடு நிறுத்துங்கள். தீர்ந்துபோன பொருளுக்கு `availability` மதிப்பை `out of stock` என்று மாற்றினால் போதும். சரக்கு வந்ததும் `in stock` ஆக்கலாம், டேக்குக்கு ஒன்றும் ஆகாது.

நடுத்தரக் காரணம்: ஃபீடைப் பதிவேற்றும் முறை. அட்டவணைப்படி வரும் ஃபீடில் இரண்டு வகை உண்டு. ஒன்று முழுவதையும் மாற்றுவது, மற்றொன்று இருப்பதைப் புதுப்பிப்பது. முழுவதையும் மாற்றும் வகையில், கோப்பில் இல்லாத பொருள்கள் கேட்டலாக்கிலிருந்து நீங்கிவிடும். தளம் ஒரு நாள் தடுமாறிப் பாதிக் கோப்பைக் கொடுத்தால் மீதிப் பாதிப் பொருள்களும் அவற்றின் டேக்குகளும் போய்விடும். `Commerce Manager`-இல் டேட்டா சோர்ஸ் பகுதியில் கடைசிப் பதிவேற்றங்களின் வரலாறு இருக்கிறது. பொருள் எண்ணிக்கை எந்த நாளில் சரிந்தது என்று அதில் பார்த்தால் தெரிந்துவிடும்.

மோசமான காரணம்: பொருளின் `id` மாறிவிட்டது. ஒரு கடை இதில் எப்படி மாட்டியது என்று சொல்கிறேன். பீங்கான் கோப்பைகள் விற்கும் கடை. இத்தனை நாளும் கையால் நிரப்பிய அட்டவணை ஒன்றைத்தான் ஃபீடாகக் கொடுத்து வந்தார்கள். அதில் நீலக் கோப்பையின் வரியில் நமக்கு வேண்டிய பகுதி மட்டும் இது:

```
id,title,availability,link
MUG-BLUE,நீலப் பீங்கான் கோப்பை,in stock,https://example.com/mug?color=blue
```

வேலையைக் குறைக்கலாம் என்று தளத்தில் ஒரு தானியங்கி இணைப்பைப் பொருத்தினார்கள். அது அதே கோப்பைக்குத் தானாக ஒரு எண்ணைக் கொடுத்தது:

```
id,title,availability,link
shop_4417_98213,நீலப் பீங்கான் கோப்பை,in stock,https://example.com/mug
```

மனிதர் கண்ணுக்கு இரண்டும் ஒரே கோப்பை. கேட்டலாக்குக்கு இவை வெவ்வேறு பொருள்கள். `id` வேறு என்றால் பொருளும் வேறு. பழைய `MUG-BLUE` புதுக் கோப்பில் இல்லாததால் நீங்கியது, அதோடு ஒட்டியிருந்த டேக்கும் போனது. இன்னொன்றையும் கவனியுங்கள்: `link` முடிவில் இருந்த `?color=blue` புது வரியில் இல்லை. அதன் விளைவை அறிகுறி 6-இல் பார்ப்போம்.

சோதனை: டேக் இழந்த பொருளைக் கேட்டலாக்கில் திறந்து அதன் `id`-யைப் பாருங்கள். பழைய ஃபீட் கோப்பு எங்காவது இருந்தால் அதில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் இணைப்பின் அமைப்பைப் பாருங்கள். தானாக வரும் எண்ணுக்குப் பதில் நீங்கள் பொருளுக்கு வைத்திருக்கும் குறியீடான SKU-வையே `id`-ஆக எடுக்கும் தேர்வு பல இணைப்புகளில் உண்டு. அதை இயக்கினால் இனி வருவதாவது நிலையாக இருக்கும்.

பழைய `id`-யை மீட்டால் டேக்கும் தானாகத் திரும்பும் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். ஒரே ஒரு பதிவைத் திறந்து பாருங்கள். வரவில்லை என்றால் மூன்று புள்ளியைத் தட்டி `Edit` போய் மறுபடி டேக் செய்யுங்கள். எல்லாப் பதிவையும் செய்யத் தேவையில்லை. இன்னும் பார்வை வந்துகொண்டிருக்கும் பதிவுகளை இன்சைட்ஸில் பார்த்து, அவற்றை முதலில் முடியுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: இணைப்பை மாற்றப் போகிறீர்கள் என்றால் மாற்றும் முன்பே கூப்பிடுங்கள். “இப்போது இருக்கும் `id` அப்படியே வருமா?” என்ற ஒரு கேள்வியைக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு வேலையை ஒப்படையுங்கள். மாற்றிய பிறகு கூப்பிட்டால் செலவு பல மடங்கு.

## அறிகுறி 4: எனக்குத் தெரிகிறது, சிலருக்குத் தெரியவில்லை

அவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள், ஆப்பில் பார்க்கிறார்களா கணினியிலா என்று கேளுங்கள். வசதி இல்லாத நாட்டில் இருப்பவருக்கு டேக் தெரியாது. அதை நீங்கள் இங்கிருந்து சரிசெய்யவும் முடியாது. ஆப் பழையதாக இருந்தால் புதுப்பிக்கச் சொல்லுங்கள். 

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் கேப்ஷனில் பொருளின் பெயர், தளத்தில் இருக்கும் அதே எழுத்தில் வர வேண்டும் என்கிறேன். டேக் தெரியாதவர் அந்தப் பெயரைத் தளத்தில் தேடி வந்துவிடுவார். இதற்கு ஆள் வைத்துப் பார்க்க ஒன்றுமில்லை.

## அறிகுறி 5: டேக் இருக்கிறது, ஆனாலும் கமெண்டில் “விலை என்ன?”, “எங்கே வாங்குவது?” என்றே கேட்கிறார்கள்

இங்கே தொழில்நுட்பக் கோளாறு எதுவுமில்லை. கேப்ஷன் தன் வேலையைச் செய்யவில்லை, அவ்வளவுதான். அதே கோப்பைக் கடையின் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். படத்தில் நீலக் கோப்பை, அதற்கான தட்டு, இரண்டும் வைத்த ஒரு மரப்பலகை. கோப்பைக்கும் தட்டுக்கும் டேக் உண்டு. கேப்ஷன் இப்படி இருந்தது:

> மழை, ஜன்னலோரம், கையில் ஒரு புத்தகம். இதைவிட வேறென்ன வேண்டும்! எங்கள் புதிய தொகுப்பு வந்துவிட்டது. விலை தெரிய மெசேஜ் செய்யுங்கள். வாங்குவதற்கான லிங்க் பயோவில்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கேப்ஷனுக்கு 2,200 எழுத்து வரை இடம் உண்டு என்றாலும், `more` தட்டாமல் கண்ணில் படுவது முதல் ஒன்றிரண்டு வரிதான். அந்த இடத்தை மழையும் புத்தகமும் எடுத்துக்கொண்டன. என்ன பொருள் என்றே சொல்லவில்லை. இதைவிடப் பெரிய தப்பு கடைசி இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. படத்தைத் தட்டினால் விலை தெரியும் என்ற நிலையில், மெசேஜ் செய்யுங்கள் என்றும் பயோவுக்குப் போங்கள் என்றும் சொல்லி வாங்க வந்தவரை வேறு இரண்டு வாசலுக்கு அனுப்புகிறது. டேக் வசதி வருவதற்கு முன் எழுதிப் பழகிய வரிகள் இவை. பழக்கத்தில் அப்படியே தொடர்கின்றன.

திருத்தியது இது:

> நீலப் பீங்கான் கோப்பையும் தட்டும் இப்போது கிடைக்கின்றன. படத்தைத் தட்டினால் விலை தெரியும், அங்கிருந்தே வாங்கலாம்.
>
> கோப்பை 350 மி.லி. பிடிக்கும், மைக்ரோவேவில் வைக்கலாம். கையால் பூச்சுக் கொடுப்பதால் நீலத்தின் அடர்த்தி ஒவ்வொன்றிலும் சற்று மாறும்.
>
> படத்தில் உள்ள மரப்பலகை விற்பனைக்கு இல்லை. டேக் தெரியாதவர்கள் எங்கள் தளத்தில் “நீலப் பீங்கான் கோப்பை” என்று தேடுங்கள்.

மழையும் ஜன்னலும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் இதற்குக் கீழே எழுதுங்கள், தடையில்லை. முதல் வரியில் பொருளின் பெயர், டேக்கில் உள்ள அதே பெயர், வந்துவிட வேண்டும். கேப்ஷனில் “கடல் நீலக் குவளை” என்று எழுதி டேக்கில் “நீலப் பீங்கான் கோப்பை” என்று இருந்தால், இதுதானா அது என்று ஒரு கணம் நிற்பார். நிற்பவர் பெரும்பாலும் அப்படியே நகர்ந்துவிடுவார்.

நடுப்பத்தியில் இருப்பது, டேக் சொல்லாத செய்தி. விலையும் பெயரும் டேக்கில் வந்துவிடுகின்றன. அளவு எவ்வளவு, எதற்கு உதவும், படத்துக்கும் கைக்கு வருவதற்கும் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் கேப்ஷனின் பொறுப்பு. கமெண்டில் வழக்கமாக என்ன கேட்கிறார்களோ அதைப் பார்த்து இந்தப் பத்தியை எழுதுங்கள். உட்கார்ந்து கற்பனை செய்யத் தேவையே இல்லை.

மரப்பலகையைப் பற்றிய வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். படத்தில் அழகாக இருக்கும் எதையும் ஆள் கேட்பார். டேக் இல்லாத பொருளைத் தேடிச் சலித்துப்போவதைவிட, இல்லை என்று முன்பே சொல்லிவிடுவது மரியாதை.

விலையைக் கேப்ஷனில் எழுதலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பதே என் முடிவு. கேட்டலாக்கில் விலை மாறினால் டேக்கும் மாறிவிடும், கேப்ஷன் மாறாது. ஒரு வருடத்துக்கு முந்தைய பதிவில் இரண்டு விலை தெரிந்தால் வாங்குபவர் குறைந்த விலையைத்தான் கேட்பார், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. அதேபோல இணையதள முகவரியையும் ஒட்டாதீர்கள். கேப்ஷனில் அது தட்டினால் திறக்காது, இடத்தைத்தான் அடைக்கும்.

பல படங்கள் கொண்ட பதிவில், எந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று கேப்ஷனில் சொல்லுங்கள்: “2-ஆவது படத்தில் வெள்ளை நிறம்” என்பது போல. பொருள் தெரியும் ஒவ்வொரு படத்திலும் தனியாக டேக் வையுங்கள். முதல் படத்தில் மட்டும் வைத்துவிட்டு, நாலாவது படத்தில் நிற்பவர் பின்னால் போய்த் தட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது. டேக்கை இழுத்துப் பொருளின் மேலேயே உட்காரவைக்கவும். இரண்டு பொருள்கள் ஒட்டி இருந்தால் பெயர்கள் ஒன்றன் மேல் ஒன்று விழும். அப்படிப்பட்ட படத்தில் ஒன்றை மட்டும் டேக் செய்து, மற்றதை அடுத்த படத்துக்குத் தள்ளுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: இல்லை. கேப்ஷனை எப்போது வேண்டுமானாலும் `Edit` போய் மாற்றலாம். ஒரு பழைய பதிவில் மாற்றிவிட்டு, வரும் கேள்விகள் குறைகின்றனவா என்று பாருங்கள்.

## அறிகுறி 6: டேக்கைத் தட்டுகிறார்கள், வாங்காமல் திரும்பிவிடுகிறார்கள்

பதிவின் இன்சைட்ஸில் பொருள் பக்கத்தைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், தளத்தில் விற்பனை இல்லை. இதை உங்கள் போனிலேயே சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், ஏனென்றால் நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பீர்கள். வேறொருவரை அவருடைய போனில், மொபைல் டேட்டாவில், இன்ஸ்டாகிராமுக்குள்ளிருந்தே டேக்கைத் தட்டிப் பணம் கட்டும் பக்கம் வரை போகச் சொல்லுங்கள். நீங்கள் வாயே திறக்காமல் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும்.

நிறம் மாறி வருகிறதா? மேலே பார்த்த புது வரியில் `?color=blue` விடுபட்டதன் விளைவு இதுதான். நீலக் கோப்பையைத் தட்டியவருக்குத் தளம் தன் வழக்கப்படி வெள்ளைக் கோப்பையைக் காட்டும். தப்பான பக்கத்துக்கு வந்துவிட்டோம் என்று மூடிவிடுவார். ஒவ்வொரு நிறத்துக்கும் அளவுக்கும் தனி வரி, இவை ஒரே பொருளின் வகைகள் என்று காட்டும் ஒரே `item_group_id`, அந்தந்த நிறமே திறக்கும் `link` என்று ஃபீட் இருக்க வேண்டும். டேக் செய்யும்போதும் படத்தில் உள்ள நிறத்தையே தேர்ந்தெடுங்கள்.

விலை மாறுகிறதா? தளத்தில் தள்ளுபடியை மாற்றியிருப்பீர்கள், ஃபீட் வாரம் ஒருமுறைதான் வருவதாக இருக்கும். ஃபீடைத் தினமும் அல்லது மணிக்கொருமுறை வரும்படி அட்டவணையில் மாற்றுங்கள். விற்பனை நாளில் விலையை மாற்றியதும் ஒருமுறை கையாலும் இயக்கிவிடுங்கள்.

வாங்கும் பொத்தான் மறைகிறதா? குக்கி அனுமதிப் பட்டையும் அரட்டைக் குமிழும் சேர்ந்து சின்னத் திரையில் பொத்தானை மூடிவிடும். உங்கள் பெரிய கணினித் திரையில் இது ஒருநாளும் தெரியாது.

கணக்கு தொடங்கச் சொல்கிறதா? ஆப்புக்குள் திறக்கும் உலாவியில் அவருடைய வழக்கமான உலாவியில் சேமித்த கடவுச்சொல்லோ உள்நுழைவோ இருக்காது. கட்டாய உள்நுழைவு இருந்தால் பாதிப் பேர் இந்த இடத்திலேயே கழன்றுகொள்வார்கள். விருந்தினராக வாங்கும் வழியைத் திறந்துவிடுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: பணம் கட்டும் பக்கம் புதுச் சாளரத்தில் திறந்து வெறுமையாக நின்றாலோ, கட்டிய பிறகு தளத்துக்குத் திரும்பாமல் தொங்கினாலோ உங்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை. அந்தத் திரையை வீடியோவாகப் பதிவு செய்து, போனின் வகையையும் நேரத்தையும் சேர்த்து, தளத்தை உருவாக்கியவருக்கு அனுப்புங்கள். “டேக் வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதினால் அவர் கணினியில் திறந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதில் அனுப்பிவிடுவார். அது சரியாகும் வரை அந்தப் பொருளுக்குப் புதுப் பதிவு போடாமல் தள்ளி வையுங்கள்.